மேலே தள்ளக் கூடாதா?

கட்டத்தில் எண்களைத் தள்ளி, ஒரே எண் இரண்டை ஒன்றாகச் சேர்த்து வளர்க்கும் 2048 விளையாட்டை ஆடுகிற யாரிடமாவது யோசனை கேட்டுப் பாருங்கள். பெரிய எண்ணை ஒரு மூலையில் வை, அதற்கு எதிர்த்திசையில் மட்டும் தள்ளவே தள்ளாதே என்பார்கள். மூலை கீழே இடப்பக்கம் என்றால் இடது, கீழ் இரண்டும் தாராளம், வலது அவசரத்துக்கு, மேல் கூடவே கூடாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இன்றைக்கும் புதிதாக ஆடுகிறவர்களுக்கு அதையேதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசிப் பகுதி, ‘மேல் கூடவே கூடாது’ என்பது மட்டும் எனக்கு ஒருபோதும் முழுசாகச் செரித்ததில்லை. ஏன் மேல் மட்டும்? கட்டம் நாலுக்கு நாலு. பக்கவாட்டில் பார்த்தாலும் நெட்டுக்குப் பார்த்தாலும் ஒன்றுதான். மூலையில் இருக்கிற எண்ணுக்கு வலது எவ்வளவு ஆபத்தோ அவ்வளவுதானே மேலும்?

இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஒரு நண்பன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக ஆடுகிறவன், விரல் வேகமும் அதிகம். 512-ஐ மூலையில் வைத்து, அருகில் 256-ஐயும் சேர்த்துவிட்டான். அந்த நேரத்தில் அவன் திரை இப்படி இருந்தது:

```
  .    .    .    .
  2    .    .    .
  8    4    .    .
512  256    .    .
```

இடது தள்ளினான், எதுவும் அசையவில்லை. கீழே தள்ளினான், அதுவும் அசையவில்லை. யோசிக்காமல் வலது தள்ளினான். புதிதாக வந்த 2 நேராகக் கீழ் இடது மூலையில் போய் உட்கார்ந்தது. “ச்சே, ராசியே இல்லடா” என்றான். அந்த ஆட்டம் 1024-ஐத் தொடாமலே முடிந்தது. ராசி என்று அவன் சொன்னதுதான் என்னை விடவில்லை. அங்கே அவனுக்கு இரண்டு வழி இருந்தது, வலது அல்லது மேல். மேலே தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் எண்ணிப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அது ‘கூடாத’ திசை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கட்டம் போட்டு எண்ணினேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மூலை எதற்கு

எண்ணுவதற்கு முன்னால், மூலை எதற்கு என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு புது எண் வருகிறது. இந்த விளையாட்டை உருவாக்கிய கேப்ரியேலே சிருல்லி 2014 மார்ச்சில் வெளியிட்ட மூல நிரலில் அந்த வரி இப்படி இருக்கிறது:

```
var value = Math.random() < 0.9 ? 2 : 4;
```

அதாவது பத்துக்கு ஒன்பது முறை 2, மீதி ஒரு முறை 4. சராசரி 2.2. ஆக, பலகையில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை ஒவ்வொரு தள்ளலுக்கும் சராசரியாக 2.2 தான் ஏறுகிறது. உங்களிடம் ஒரு 512 இருக்கிறது, அது சேர வேண்டுமானால் இன்னொரு 512 உருவாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 230 தள்ளல் பிடிக்கும். அத்தனை நேரமும் முதல் 512 எதனோடும் சேராமல் கல் மாதிரி கிடக்கும். அது நடுவில் கிடந்தால் நான்கு பக்கமும் வழியை அடைக்கும், ஓரத்தில் என்றால் மூன்று பக்கம், மூலையில் என்றால் இரண்டே பக்கம். எங்கே கிடந்தால் குறைவாக இடைஞ்சலோ அங்கே கிடக்கட்டும். மூலையின் பயன் அவ்வளவுதான்.

அதே நிரலில் இன்னொன்றும் உண்டு. புது எண் எங்கே விழும் என்பதில் எந்தத் தந்திரமும் கிடையாது. காலியாக உள்ள கட்டங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. பதினொரு கட்டம் காலி என்றால் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் விழ பதினொன்றில் ஒரு பங்கு. இந்த ஒன்று தெரிந்தால் போதும், ஆபத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பூட்டிய வரிசை

நன்றாக ஆடுகிறவர்கள் வலது பக்கம் பயமில்லாமல் தள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் தைரியம் அடிவரிசையிலிருந்து வருகிறது. அடிவரிசை 512, 128, 64, 16 என்று இருந்தால் நான்கு கட்டமும் நிறைந்திருக்கிறது, பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் இல்லை. அப்போது இடது தள்ளினாலும் வலது தள்ளினாலும் அந்த வரிசை இம்மியும் நகராது. நான் இதைப் பூட்டிய வரிசை என்று சொல்வேன். பூட்டு இருக்கும்வரை இடது, வலது, கீழ் மூன்றும் உங்கள் கையில். மேலே உள்ள மூன்று வரிசைகளையும் இப்படியும் அப்படியும் அசைத்து ஜோடி சேர்க்கலாம்.

பூட்டுக்கு இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே வேண்டும். நிறைந்திருப்பது மட்டும் போதாது. வேகமாக ஆடும்போது பலர் சறுக்குவது இங்கேதான். அடிவரிசை 512, 64, 32, 32 என்று இருக்கிறது, பார்வைக்கு நிறைந்த வரிசை. நம்பி வலது தள்ளினால் கடைசி இரண்டு 32-உம் சேர்ந்து வலது ஓரத்தில் 64 ஆகும். அதன் பின்னால் பழைய 64 நகரும், அதன் பின்னால் 512 நகரும், மூலை திறந்துகொள்ளும். ஒரே தள்ளலில் புதிதாகச் சேர்ந்த எண் மறுபடி சேராது என்பதால் அந்த இரண்டு 64-உம் அப்படியே நிற்கும். அதே ஜோடியை இடது தள்ளிச் சேர்த்திருந்தால் 512, 64, 64, காலி என்று மூலை பத்திரமாக இருந்திருக்கும். ஆகவே வலது தள்ளும் முன் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: அடிவரிசை நிறைந்திருக்கிறதா, அதில் ஜோடி இருக்கிறதா.

பூட்டு எப்போது உடைகிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான். 512, 128, 64, 64 என்று இருக்கும்போது இடது தள்ளினால் 512, 128, 128. இன்னொரு இடது, 512, 256. அருமையான சங்கிலி. ஆனால் இரண்டு சேர்க்கை நடந்ததால் அடிவரிசையில் இரண்டு கட்டம் காலி. பக்கவாட்டில் நடக்கும் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு கட்டத்தைக் காலி செய்கிறது. அதை நிரப்ப, வலப்பக்கத்து நெடுவரிசைகளில் மேலே ஏதாவது இருந்து கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் நிரப்பும்வரை வலது உங்களுக்கு இல்லை, இடது, கீழ் இரண்டே திசைதான். நண்பனுக்கு நேர்ந்ததும் இதுதான். அவன் சங்கிலியாகச் சேர்த்து 256 எடுத்தான், இறக்க மேலே ஒன்றும் இல்லை.

மாறாக, மேலிருந்து கீழே சேர்ந்தால் பூட்டு உடையாது. அடிவரிசையில் ஒரு 16, அதற்கு நேர் மேலே இன்னொரு 16. கீழே தள்ளினால் அடியில் 32 ஆகிவிடும், வரிசை நிறைந்தே இருக்கும். அதனால் எனக்கு வாய்ப்பு இருக்கும்போதெல்லாம் ஜோடியை இரண்டாம் வரிசையில் தயார் செய்து, நேர் மேலே கொண்டுவந்து, கீழே இறக்குவதுதான் பிடிக்கும். பக்கவாட்டுச் சங்கிலியைத் தொடங்கும் முன் மட்டும் ஒரு கணம் நிறுத்தி, இரண்டாம் வரிசையின் வலது முனையில் இறங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பதினொரு கட்டம்

இனி நண்பனின் பலகைக்கு வருவோம். அந்த வடிவத்தைக் கவனியுங்கள். இடது, கீழ் என்று மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருந்தால் எண்கள் எல்லாம் மூலையை நோக்கிப் படிக்கட்டு மாதிரி ஒதுங்கிவிடும். ஜோடி எதுவும் அமையாவிட்டால் இரண்டு திசையும் செத்துவிடும். எதுவும் நகராத தள்ளலுக்குப் புது எண்ணும் வராது, ஆகவே நிலைமை தானாக மாறாது. வலது அல்லது மேல், ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பலகையில் ஐந்து எண்தான் இருக்கிறது, பதினொரு கட்டம் காலி.

முதலில் வலது. எல்லா வரிசையும் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அடிவரிசை காலி, காலி, 512, 256 ஆகும். புது எண் விழுந்ததும் உடனே இடது தள்ளி எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். அது எப்போது கெடும்? புது எண் அடிவரிசையின் அந்த இரண்டு காலிக் கட்டங்களில் ஒன்றில் விழுந்தால் கெடும். எதில் விழுந்தாலும் இடது தள்ளும்போது அது மூலையைப் பிடித்துக்கொள்ளும், 512 இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடும். பதினொன்றில் இரண்டு.

இப்போது மேல். முதல் நெடுவரிசையில் 2, 8, 512 மூன்று எண் இருக்கின்றன, காலி ஒன்றுதான். மேலே தள்ளினால் மூன்றும் ஒரு கட்டம் ஏறும், 512-க்குக் கீழே ஒரே ஒரு கட்டம் திறக்கும்.

```
  2    4    .    .
  8  256    .    .
512    .    .    .
  .    .    .    .
```

உடனே கீழே தள்ளினால் பழைய இடம். 512 மூலையை இழக்க வேண்டுமானால் புது எண் அந்த ஒற்றைக் கட்டத்தில் விழ வேண்டும். பதினொன்றில் ஒன்று. 

கூடாத திசை என்று அவன் ஒதுக்கிய திசையில், மூலை போகிற ஆபத்து பாதிதான். எண்ணி முடித்ததும் தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் செரிக்காமல் கிடந்தது அப்போதுதான் இறங்கியது. வலது, மேல் என்ற பெயருக்கு இதில் வேலையே இல்லை. 512 நிற்கிற வரிசையில் எத்தனை காலி, அது நிற்கிற நெடுவரிசையில் எத்தனை காலி, இந்த இரண்டு எண்ணிக்கைதான் பேசுகிறது. வலது தள்ளினால் முதலாவது, மேலே தள்ளினால் இரண்டாவது.

சரி, முழுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். மேலே தள்ளும்போது 256-உம் ஏறுகிறது. இரண்டாம் நெடுவரிசையில் அதற்குக் கீழே இரண்டு கட்டம் காலி. புது எண் அவற்றில் ஒன்றில் விழுந்தால் 256 அடிவரிசைக்குத் திரும்பாது, அதன் காலடியில் ஒரு 2 இருக்கும். இதற்குப் பதினொன்றில் இரண்டு வாய்ப்பு. இது தொல்லைதான், ஆனால் 512 மூலையில் இருக்கும்வரை தாங்கக்கூடிய தொல்லை. மீதி எட்டுக் கட்டமும் மூன்றாம், நான்காம் நெடுவரிசையில் இருக்கின்றன. அங்கே எங்கே விழுந்தாலும், அடுத்து கீழே தள்ளும்போது அந்தப் புது எண் நேராக அடிவரிசைக்கு இறங்கி, காலியாகக் கிடக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்றை நிரப்பிவிடும். அதாவது பதினொன்றில் எட்டு முறை, மேலே தள்ளியது நஷ்டம் இல்லாமல் போவதோடு, உடைந்த பூட்டைச் சரிசெய்யும் வேலையையும் ஆரம்பித்துவைக்கிறது. வலது தள்ளினால் இந்த உபகாரம் கிடையாது.

இதே பலகையில் முதல் நெடுவரிசையின் உச்சியில் ஒரு 4 இருந்திருந்தால் கதை இன்னும் தெளிவு. 4, 2, 8, 512, நான்கும் நிறைந்து, ஜோடி இல்லாமல் நிற்கும். அந்த நெடுவரிசை பூட்டியாகிவிட்டது. மேலே தள்ளினால் 512 அசையவே அசையாது, மூலைக்கு ஆபத்து பூஜ்யம். வலது தள்ளினால் அப்போதும் இரண்டு கட்டம் திறக்கும். பூட்டு என்றாலே அடிவரிசையை மட்டும் நினைக்கிறோம். மூலைக்கு இரண்டு சுவர் உண்டு, எது பூட்டியிருக்கிறதோ அதன் வழியே தள்ளலாம்.

இதைக் கேட்டுவிட்டு எடுத்ததற்கெல்லாம் மேலே தள்ள வேண்டாம். வரிசையிலும் ஒரு காலி, நெடுவரிசையிலும் ஒரு காலி என்று சமமாக இருந்தால் நான் வலதுதான் தள்ளுவேன். காரணம் அடிவரிசைச் சங்கிலி. வலது தள்ளும்போது அடிவரிசை எண்கள் ஒன்றை ஒன்று ஒட்டியபடியே நகர்ந்து, அப்படியே திரும்பும். அவற்றுக்கு நடுவில் எதுவும் புக முடியாது. மேலே தள்ளும்போது ஒவ்வொரு நெடுவரிசையும் தனித்தனியே ஏறுவதால், 256-க்குக் கீழே, 64-க்குக் கீழே என்று பல இடம் திறக்கும். 512 தப்பினாலும் அடுத்தவர்கள் மாட்டலாம். பலகை நிறைந்துபோய் காலி நான்கைந்துதான் என்கிற நிலையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது ஒரு கட்டம் என்பதே நாலில் ஒன்று. அதனால் நெருக்கடி முற்றும்வரை காத்திருக்காமல், பலகை காலியாக இருக்கும்போதே அந்த ஒரு மேல் தள்ளலைச் செலவழித்துவிடுவது நல்லது. பதினொன்றில் ஒன்று என்று கிடைக்கும் வாய்ப்பு பிறகு கிடைக்காது.

மூலையில் 2 உட்கார்ந்த பிறகு

எண்ணித் தள்ளியும் சில சமயம் அந்த ஒன்று விழத்தான் செய்யும். அப்போது பலரும் செய்வது, மூலையில் உள்ள 2-ஐ வளர்க்கப் பார்ப்பது. அது 512 ஆகி அருகில் உள்ள 512-ஓடு சேர, முன்பு சொன்ன அந்த 230 தள்ளலும் வேண்டும், அதுவும் மேலே ஒரே பக்கம் மட்டும் வழி உள்ள மூலையில். அதைவிட அந்த 2-ஐ மூலையிலிருந்து கிளப்பிவிட்டு 512-ஐ இழுத்துக்கொள்வது சுலபம். இதற்கும் அதே பூட்டுதான், திருப்பிப் போட்டுப் பயன்படுத்த வேண்டும்: 512 நிற்கும் நெடுவரிசை பூட்டியிருக்க வேண்டும், 2 நிற்கும் நெடுவரிசை ஏற இடம் இருக்க வேண்டும். அப்போது மேலே தள்ளினால் 2 ஏறும், 512 நிற்கும்.

```
  4   16    .    .
  4   32    8    .
  8   64    4    .
  2  512  256    .
```

இங்கே இடது நகராது. கீழே தள்ளி 4, 4 சேர்க்கத்தான் கை போகும். நிறுத்துங்கள். இரண்டாம் நெடுவரிசையைப் பாருங்கள்: 16, 32, 64, 512. நிறைந்திருக்கிறது, ஜோடி இல்லை. முதல் நெடுவரிசையின் உச்சியில் 4, 4 ஜோடி இருக்கிறது. மேலே தள்ளினால் அவை 8 ஆகி, கீழே உள்ள 8-உம் 2-உம் ஒரு கட்டம் ஏறும். முதல் நெடுவரிசை 8, 8, 2, காலி. மூலை திறந்துவிட்டது, 512 பக்கத்திலேயே நிற்கிறது. காலிக் கட்டம் இப்போது ஆறு. புது எண் மூலையில் விழாவிட்டால், அதாவது ஆறில் ஐந்து முறை, அடுத்த இடது தள்ளலில் 512 மூலைக்கு வந்துவிடும்.

மூலையிலேயே விழுந்தால்? பெரும்பாலும் அது 2-ஆகத்தான் இருக்கும். முதல் நெடுவரிசை 8, 8, 2, 2. இன்னொரு முறை மேலே தள்ளுங்கள். மேல் ஜோடி 16, கீழ் ஜோடி 4 என்று சுருங்கி, கீழ் இரண்டு கட்டமும் காலியாகும். இரண்டாம் நெடுவரிசை இன்னும் பூட்டியேதான் இருக்கிறது, 512 அசைந்திருக்காது. மறுபடி ஒரு வாய்ப்பு.

எல்லாம் சரியாக நடந்து இடது, அப்புறம் கீழே என்று தள்ளிய பின், இடையில் வந்த புது எண்களை விட்டுவிட்டுப் பார்த்தால் பலகை இப்படி இருக்கும்:

```
  .    .    .    .
 16   16    8    .
  2   32    4    .
512   64  256    .
```

256-க்கு முன்னால் 64 வந்து நிற்கிறது, வரிசை ஒழுங்காக இல்லை. இடது தள்ளினால் இரண்டு 16-உம் முதல் நெடுவரிசையில் 32 ஆகும். அதற்கு அடியில் உள்ள 2-ஐ அடுத்து வரும் சின்ன எண்களோடு சேர்த்து வளர்த்து, 64-இன் தலைக்கு மேல் இன்னொரு 64 வரும்படி பார்த்துக்கொண்டால், கீழே இறக்கி 128 எடுக்கலாம். அடிவரிசையின் கடைசிக் கட்டம் நிரம்பும்வரை வலது கிடையாது. ஆனால் 512 மூலையில் இருக்கிறது, பாதிப் பலகை காலி, இரண்டு திசை கையில் இருக்கிறது. நண்பனிடம் இந்தத் தாளைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்போ நான் அன்னைக்கு மேல தள்ளியிருக்கணுமாடா?” என்று கேட்டான். தள்ளியிருக்கலாம் என்றேன். பதினொன்றில் ஒன்று அப்போதும் விழுந்திருக்கலாம், ஆனால் அப்போது அதை ராசி என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்திருக்கும்.